முதல் நாவல்: நான்காம் அத்தியாயம் வரை யாரும் வாசிப்பதில்லை, முதல் மூன்று அத்தியாயங்களை வெட்டிவிடலாமா?

வேலந்தாவளத்துக்காரி | பிப்ரவரி 3, இரவு 9.40

என் முதல் நாவலின் வரைவு முடிந்திருக்கிறது. அச்செடுத்தால் 380 பக்கம், 31 அத்தியாயம். வாசிக்கக் கொடுத்த மூவரும் தொடக்கம் நகரவில்லை என்ற ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். மூவரில் ஒருவர்கூட நான்காம் அத்தியாயத்தை எட்டவில்லை.

கதை 1986இல், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் நடக்கிறது. கணவரை இழந்த தாய் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரியும். மகள் தங்கம் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தங்கத்தின் சித்தப்பா, அதாவது தாத்தாவுடைய தம்பியின் மகன், ஒரு மலையாள ஆதாரப் பத்திரத்தில் தாயிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார். கிணற்றோடு சேர்ந்த வயலில் தாய்க்கு இருந்த பாகம் அதோடு போய்விடுகிறது. அந்தக் கையெழுத்து நான்காம் அத்தியாயத்தின் முடிவில், 61ஆம் பக்கத்தில் விழுகிறது.

அதற்கு முன்னால் இருப்பவை இவை. முதல் அத்தியாயம் 11 பக்கம்: கணவாய்க் காற்று, கரிமண், பனைகள், வீடு. இரண்டாவது 22 பக்கம்: தாத்தாவின் வரலாறும் அவருடைய கள்ளுக் குத்தகையும் 1956இல் ஊர் சென்னை மாகாணத்திலிருந்து கேரளத்துக்குப் போனதும். மூன்றாவது 18 பக்கம்: தங்கத்தின் அக்காள் திருமணம். இவை மூன்றையும் வெட்டிவிட்டு நான்காவதிலிருந்து தொடங்கலாமா? அந்த மண்ணை எடுத்துவிட்டால் நாவலில் என்ன மிஞ்சும் என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.

கோவிந்தாபுரம் வாசகி | பிப்ரவரி 3, இரவு 10.15

வெட்டுங்கள். வார இதழ்த் தொடர்கதைகளை வாசித்தே வளர்ந்தவள் நான். தொடர்கதையின் முதல் வாரத்திலேயே ஏதாவது நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். கையெழுத்தை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். காற்றையும் பனையையும் பிறகு ஆங்காங்கே தூவிக்கொள்ளலாம். ஒவ்வோர் அத்தியாயமும் 'அடுத்து என்ன' என்று கேட்க வைத்து முடிய வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம்.

சித்தூரார் | பிப்ரவரி 4, காலை 6.50

அம்மா, நானும் சித்தூர்க்காரன்தான். ஆனால் எங்கள் சித்தூரில் ஆதாரம் மலையாளத்தில் எழுதப்படுவதில்லை, தெலுங்கில்தான் எழுதப்படும். கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகக் கைகழுவிவிட வேண்டாம். மொழி தெரியாதவரை ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தாமதம் மட்டும் கூடாது. நல்ல வழக்கறிஞராகப் பாருங்கள். என் பாட்டிக்கும் இதேபோல் நடந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

வேலந்தாவளத்துக்காரி | பிப்ரவரி 4, காலை 8.05

ஐயா, நீங்கள் ஆந்திரச் சித்தூர். என்னுடையது பாலக்காட்டுச் சித்தூர். கையெழுத்துப் போட்டவரும் என் தாயார் அல்லர், நாவலில் வரும் தாய். உங்கள் அக்கறைக்கு நன்றி.

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | பிப்ரவரி 4, இரவு 8.30

நான் நெடுநாள் மெய்ப்புத் திருத்தியவன். வேலையோடு வேலையாகப் பிறருடைய வரைவுகளையும் வாசித்துக் கொடுத்திருக்கிறேன். வெட்டலாமா கூடாதா என்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். அந்த மூவரும் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள்? 'தொடக்கம்' என்று சொல்லாதீர்கள், பக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாசகர் தமக்கு அலுப்பு வந்தது என்று சொன்னால் நம்பலாம். அலுப்புக்கு அவர் சொல்லும் காரணத்தை அப்படியே நம்ப முடியாது. வருணனை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஏனென்றால் கண்ணுக்கு உடனே தெரியக்கூடிய குற்றவாளி அதுதான். வரைவின் முதல் மூன்று அத்தியாயங்களை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

இன்னொன்று, பிறகு மறந்துவிடுவேன் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சித்தூர் வட்டம் 1956க்கு முன் சென்னை மாகாணத்தில் இருக்கவில்லை. அது கொச்சி அரசின் பகுதி, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியாயிற்று. மலபார் மாவட்டத்தோடு சென்னையில் இருந்தது அடுத்திருந்த பாலக்காடு வட்டம். உங்கள் தாத்தா 1956இல் மாநிலம் மாறிய அதிர்ச்சியில் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அவரை எழுப்பிவிடலாம்.

சித்தூரார் | பிப்ரவரி 4, இரவு 9.10

ஓகோ, நாவலா! மன்னிக்கவும். ஆனால் மாநிலம் மாறுவதைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் மாவட்டம் 1953இல் ஆந்திராவோடு போயிற்று, 1960இல் திருத்தணிப் பகுதி மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. அதிர்ச்சியோடு திண்ணையில் உட்கார ஒரு தாத்தா வேண்டுமென்றால் எங்கள் பக்கம் நிறையக் கிடைப்பார்கள்.

வேலந்தாவளத்துக்காரி | பிப்ரவரி 6, மாலை 5.20

கேட்டுவிட்டேன். ஒருவர் 19ஆம் பக்கத்திலும், இன்னொருவர் 24ஆம் பக்கத்திலும், மற்றவர் 26ஆம் பக்கத்திலும் நிறுத்தியிருக்கிறார்கள். மூவரும் இரண்டாம் அத்தியாயத்துக்குள்தான் நின்றிருக்கிறார்கள். வருணனை நிறைந்த முதல் அத்தியாயத்தை மூவரும் முழுதாக வாசித்திருக்கிறார்கள் என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது.

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | பிப்ரவரி 7, இரவு 9.00

பக்கங்கள் வந்தன, வாசித்தேன். எனக்கு வியப்பில்லை. முதல் அத்தியாயத்தின் 7ஆம் பக்கத்தில் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். முற்றத்தில் நின்றபடி, "அண்ணி, அந்தப் பழைய ஆதாரமும் வரி ரசீதும் ஒரு நாளைக்கு வேண்டியிருக்கிறது" என்கிறார். தாய் தகரப் பெட்டியின் சாவியைத் தேடுகிறாள். சாவி கிடைக்கவில்லை. நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். இதற்குப் பிறகும் நான்கு பக்கம் காற்று அடிக்கிறது. ஆனால் அந்தக் காற்றை நான் விரும்பியே வாசித்தேன், ஏனென்றால் அந்த மனிதர் நாளைக்கு வரப்போகிறார் என்பது மனத்தில் இருந்தது.

அடுத்த அத்தியாயத்தைத் திறந்தால் தாத்தாவின் பிறப்பு. அந்த 'நாளை' 22 பக்கம் கழித்தும் வரவில்லை, மூன்றாம் அத்தியாயத் திருமணத்திலும் வரவில்லை. உங்கள் வாசகர்கள் மூவரும் சித்தப்பாவுக்காகச் சில பக்கங்கள் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே உங்கள் முதல் அத்தியாயம் மெதுவாகப் போகிறது என்பது உண்மை, ஆனால் நோய் அங்கே இல்லை. மெதுவாகச் சொல்வது வேறு, ஒன்றை எதிர்பார்க்க வைத்துவிட்டு அதை விட்டுப் போய்விடுவது வேறு. மூன்றையும் வெட்டினால், சரியாக வேலை செய்யும் அந்த 7ஆம் பக்கத்தையும் சேர்த்தே வெட்டிவிடுவீர்கள்.

கோவிந்தாபுரம் அம்மையாருக்கு: கையெழுத்தை முதல் வரியில் வைத்தால், எந்த நிலம், யாருடைய நிலம், போனால் என்ன என்று எதுவும் தெரியாத நிலையில் வாசகர் அந்த இழப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அறிமுகமில்லாத ஓர் அம்மாள் கையெழுத்திடுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஒருமுறையும் மனம் பதறியதில்லை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் (ஓய்வு) | பிப்ரவரி 8, காலை 7.15

இந்த அவசரம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. நம் மரபில் கதை மெதுவாகத்தான் தொடங்கும். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கல வாழ்த்துப் பாடலில் திருமணம், மனையறம் படுத்த காதையில் இல்லறம். மூன்றாவதான அரங்கேற்று காதையின் முடிவில்தான் கோவலன் மாதவியிடம் போகிறான். இவருடைய நாவலிலும் திருமணம் மூன்றாம் அத்தியாயத்தில், கேடு நான்காவதில் வருகிறது. இளங்கோவடிகளுக்குப் பொறுமை காட்டியவர்கள் இவருக்கும் காட்டட்டுமே. தாத்தாவின் வரலாற்றை வெட்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கள்ளுக் குத்தகைப் பகுதி எங்கள் ஊரின் ஆவணம்.

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | பிப்ரவரி 8, இரவு 9.45

ஆசிரியர் ஐயா சரியான நூலைத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் அவர் நூலின் முகப்பில் உள்ள பதிகத்தைத் தாண்டிப் போய்விட்டார். பொற்கொல்லன் கையில் சிலம்பு அகப்பட்டதும், கோவலன் கொலையுண்டதும், கண்ணகி மதுரையை எரித்ததும் பதிகத்திலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. பதிகம் பிற்காலச் சேர்க்கை என்பாரும் உண்டு. அதை விட்டுவிட்டாலும், இந்தக் கதை எங்கே போய் முடியும் என்று அறியாதவர் அக்காலத்தில் அதைக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிவு தெரிந்தவருக்கு அந்தத் திருமணம் மெதுவாகப் படாது. 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே' என்று அவன் கொஞ்சும்போதே கேட்பவருக்கு நெஞ்சு கனத்துவிடும். அப்படியும் அடிகள் சும்மா விடவில்லை. அந்த இன்பக் காதையின் கடைசி வெண்பா 'மண்மேல் நிலையாமை கண்டவர்போல் நின்று' என்று முடிகிறது. இன்பத்தைச் சொல்லிவிட்டு நிழலை அதன்மேல் விழவிட்டுப் போகிறார்.

நம் நாவலாசிரியரின் முதல் மூன்று அத்தியாயங்களின் கடைசி வரிகளைப் பாருங்கள். முதலாவதில் தாய் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறாள். இரண்டாவதில் தாத்தா கண்ணயர்கிறார். மூன்றாவதில் பந்தல் பிரித்த களைப்பில் வீடே உறங்குகிறது. எல்லோரும் உறங்கிய பிறகு வாசகர் மட்டும் எதற்கு விழித்திருக்க வேண்டும்? இந்த இடத்தில் கோவிந்தாபுரம் அம்மையார் சொன்னதில் பாதி சரி. அத்தியாயத்துக்கு அத்தியாயம் வெடி வைக்க வேண்டியதில்லை. உறங்கப் போவதற்கு அரைப் பக்கம் முன்னால் நிறுத்தினால் போதும். முதல் அத்தியாயத்தை, கிடைக்காத சாவி அரிசிப் பானைக்குள் இருப்பது தாய்க்கு நினைவு வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்த வரி ஏற்கெனவே உங்கள் 11ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் ஒன்பது வரிகள்தான் வேண்டாதவை.

கோவிந்தாபுரம் வாசகி | பிப்ரவரி 8, இரவு 10.05

பாதியாவது சரி என்றீர்களே, அதுவே போதும். ஆனால் நீங்களே பதிகம் என்றீர்கள். அப்படியானால் நாவலுக்கும் ஒரு பதிகம் வைக்கலாமே? முதல் பக்கத்தில், தங்கம் பத்தாண்டுக்குப் பிறகு வேலி போட்ட அந்தக் கிணற்றருகே வந்து நிற்கிறாள். பிறகு கதை பின்னோக்கிப் போகிறது. முடிவு தெரிந்துவிட்டால் எல்லாமே கனக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | பிப்ரவரி 9, காலை 6.30

வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். இந்த நாவலுக்கு எனக்கு அதில் ஒரு தடை இருக்கிறது. தாய் ஏமாறப் போகிறாள் என்று முன்பே தெரிந்துவிட்டால், சித்தப்பா முற்றத்தில் நிற்கும் காட்சியில் வாசகர் அவரை முதல் பார்வையிலேயே வில்லனாக எடுத்துக்கொள்வார். அவர் நல்லவர்போலவும் இருக்கிறார், தேவைக்கு உதவுகிறார் என்பதுதான் இந்தக் கதையின் வலு. அது போய்விடும். அம்மையார் என்னோடு உடன்பட வேண்டும் என்றில்லை.

கோவிந்தாபுரம் வாசகி | பிப்ரவரி 9, காலை 7.00

உடன்படவில்லை.

வேலந்தாவளத்துக்காரி | பிப்ரவரி 10, இரவு 11.30

சாவியோடு நிறுத்தும் யோசனையை உடனே செய்து பார்த்தேன். அது நன்றாக வருகிறது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தை என்ன செய்வது? தாத்தா இல்லாமல் கிணறு இல்லை, கிணறு இல்லாமல் வழக்கு இல்லை. முழுவதும் எடுத்துவிட்டால் பின்னால் எல்லாம் இடிந்துவிடும்.

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | பிப்ரவரி 12, இரவு 8.50

இதற்கு ஒரு வழி இருக்கிறது, சலிப்பான வேலைதான். இரண்டாம் அத்தியாயத்தை அச்செடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது 1986இல் நடப்பதா, அதற்கு முன் நடந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கண் தவறினாலும் வினைமுற்று காட்டிக் கொடுக்கும்: வெட்டியிருந்தார், வாங்கியிருந்தார், கட்டியிருந்தார் என்று வரிசையாக வந்தால் நீங்கள் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். 13 முதல் 15 வரையுள்ள மூன்று பக்கங்களில் தொடர்ந்து இந்த 'இருந்தார்'தான் வருகிறது. அதையெல்லாம் 'வெட்டினார், வாங்கினார், கட்டினார்' என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். வாக்கியம் சுருங்கும், கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

குறித்து முடித்த பிறகு, முன் நடந்தவை ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது தெரியாவிட்டால் பின்னால் எந்தப் பக்கம் புரியாது என்று எழுதுங்கள். 'சூழலுக்கு வேண்டும்', 'பாத்திரம் துலங்கும்' என்றெல்லாம் எழுதக் கூடாது. பக்க எண் மட்டும்தான். பக்க எண் எழுத முடியாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போதைக்கு வேறொரு கோப்புக்குப் போகட்டும். எண் உள்ளதை, அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், யாராவது ஒருவருக்கு அது தேவைப்படும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள்.

வேலந்தாவளத்துக்காரி | பிப்ரவரி 17, மாலை 6.10

செய்தேன். 22 பக்கத்தில், 1986இல் நடப்பவை ஒன்றரைப் பக்கம்தான். தாத்தாவைப் பற்றிய செய்திகளில் பக்க எண் எழுத முடிந்தவை மூன்று. கிணற்றைத் தாத்தாவும் அவர் தம்பியும் சேர்ந்து வெட்டினார்கள் என்பது 58ஆம் பக்கத்துக்கு வேண்டும், ஏனென்றால் சித்தப்பாவின் உரிமைக் கோரிக்கை அதிலிருந்துதான் பிறக்கிறது. தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள் என்பதும் அதே இடத்துக்கு வேண்டும். மருமகளைப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தாத்தாவே பார்த்து எடுத்தார் என்பது 60ஆம் பக்கத்துக்கு வேண்டும். கள்ளுக் குத்தகை 22ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரிக்காக வருகிறது. கோயில் சண்டைக்கும் கொல்லங்கோட்டுப் பயணத்துக்கும் எண்ணே இல்லை. 1956 திண்ணையும் போய்விட்டது.

இவற்றில் கிணற்றுச் செய்தியைச் சித்தப்பாவின் வாயிலேயே வைத்துவிட்டேன். முன்பு இப்படி இருந்தது:

"கிழக்கு வயலின் கிணற்றைத் தாத்தா தம் தம்பியோடு சேர்ந்து வெட்டியிருந்தார். இருவரும் பாதிப் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டிருந்தனர்."

இப்போது மறுநாள் சித்தப்பா பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும்போது:

"என் அப்பன் பாறையில் வெடி வைத்ததில் இரண்டு விரல் போயிற்று, அண்ணி. அந்தக் கிணற்றில் எங்களுக்கும் ரத்தம் இருக்கிறது. நான் எதையும் கேட்கவா வந்தேன்? ரசீதை மட்டும் கொடுங்கள்."

இரண்டாம் அத்தியாயம் 6 பக்கமாகிவிட்டது. திருமண அத்தியாயத்தையும் எடுத்துவிட்டேன். கையெழுத்து இப்போது 27ஆம் பக்கத்துக்கு வந்துவிட்டது.

சித்தூரார் | பிப்ரவரி 17, இரவு 8.00

இப்போது புரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அந்த இரண்டு விரல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். என் பாட்டி கையெழுத்திட்டபோது பத்திரம் எழுதியவர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். பாட்டிக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காதால் கேட்டால் முழுவதும் விளங்கும், சந்தையில் விலை பேசுவதே தெலுங்கில்தான். அதனால் அவரை ஏமாற்ற முடியவில்லை, மிரட்டித்தான் வாங்கினார்கள். உங்கள் தாய் எல்லையிலேயே இத்தனை ஆண்டு வாழ்ந்தவர். மலையாளத்தில் படித்துக் காட்டினால் அவருக்குப் புரியாமலா போகும்?

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | பிப்ரவரி 17, இரவு 8.40

வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னவர் இப்போது நாவலின் பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். இது வேகத்தோடும் சம்பந்தப்பட்டது. எழுத்துத் தெரியாததால் ஏமாந்தாள் என்றால் ஏமாற்று வேலை முழுவதும் நான்காம் அத்தியாயத்தின் மேசையில்தான் நடக்கிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் காத்திருப்பு. அவள் கேட்டு, புரிந்துகொண்டு, வேறொன்று என்று நம்பிக் கையெழுத்திடுகிறாள் என்றால் அந்த நம்பிக்கை முன்பே விதைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே? 7ஆம் பக்கத்து முற்றத்தில். ரசீது எதற்கு என்று அவள் கேட்கட்டும். கூட்டுறவு வங்கியில் மோட்டாருக்குக் கடன் வாங்க, உங்கள் பங்கு பெயருக்கு என் பெயரில் இருந்தால் போதும், கடன் தீர்ந்ததும் திருப்பி எழுதிவிடலாம் என்று அவர் சொல்லட்டும். பிறகு ஆதாரத்தை எத்தனை முறை உரக்கப் படித்தாலும் அவள் காதில் விழுவது மோட்டார் கடன்தான். முதல் அத்தியாயத்தின் காற்றும் பனையும் இதற்குப் பிறகு யாருக்கும் நீளமாகத் தெரியாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் (ஓய்வு) | பிப்ரவரி 18, காலை 7.30

இதை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பகுதியில் இப்படித்தான் நடந்திருக்கும். கள்ளுக் குத்தகையை எடுத்ததை ஒப்புக்கொள்ளவில்லை.

வேலந்தாவளத்துக்காரி | பிப்ரவரி 24, இரவு 10.20

முற்றத்துக் காட்சியை மாற்றி எழுதிப் புதிதாக ஒருவரிடம் கொடுத்தேன், என் அத்தை மகள். நிறுத்தாமல் 40ஆம் பக்கம் வரை வாசித்துவிட்டாள். ஆனால் கையெழுத்து விழுந்த இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எந்த நிலம், வீட்டுக்குப் பின்னால் இருப்பதா?" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. முன்பு வாசித்தவர்கள் அந்த இடத்தை எட்டவே இல்லை. இப்போது எட்டியவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. வேகம் வந்தது, வலி போய்விட்டது.

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | பிப்ரவரி 25, இரவு 9.15

வெட்டியவர்கள் எல்லோருக்கும் நடப்பது இது. 27ஆம் பக்கத்துக்குள் வாசகர் அந்தக் கிணற்றை எத்தனை முறை கண்ணால் பார்த்தார் என்று எண்ணிப் பாருங்கள். நான் வாசித்த வரையில் ஒருமுறைகூட இல்லை; எல்லோரும் அதைப் பற்றிப் பேசத்தான் செய்கிறார்கள். யாரும் அதிலிருந்து ஒரு குடம் இறைக்கவில்லை.

நீங்கள் எடுத்த திருமண அத்தியாயத்தை மறுபடி வாசித்தேன். மூன்றாம் பத்தியில் சமையல்காரர்கள் தண்ணீர் போதவில்லை என்று கூச்சலிடுகிறார்கள், பிறகு அது என்னவாயிற்று என்றே இல்லை. அன்று யாருடைய முறை? சித்தப்பாவின் முறையாக இருக்கட்டும். பந்திக்கு முன் தாய் அவரிடம் போய்த் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கட்டும். அவர் தாமே மோட்டாரைப் போட்டு, தம் வயலுக்குப் போகும் வாய்க்காலை மடை மாற்றி, அவ்வளவு பேர் முன்னிலையில், "நம் வீட்டுக் கல்யாணத்துக்கு முறை என்ன, அண்ணி?" என்று சொல்லட்டும். அந்தத் திருமணத்தைக் கடன் பேச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வைத்தால், தாய் ஏன் கையெழுத்திட்டாள் என்று வாசகருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நன்றிக் கடனில் கையெழுத்திடுகிறாள். எந்த நிலம் என்று உங்கள் அத்தை மகளும் கேட்கமாட்டாள்.

நகை, சீர்வரிசை, மாப்பிள்ளை அழைப்பு எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் கடந்துவிடலாம். தமிழ் வாசகர்கள் நூற்றுக்கணக்கான திருமணங்களுக்குப் போய் வந்தவர்கள்.

கோவிந்தாபுரம் வாசகி | பிப்ரவரி 25, இரவு 9.50

சித்தப்பா தண்ணீர் தரும் இடத்தில் அத்தியாயத்தை முடியுங்கள். பதிகம் வேண்டாம் என்று மெய்ப்பாளர் சொன்னதன் பொருள் எனக்கு இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது. கொஞ்சம்தான்.

வேலந்தாவளத்துக்காரி | மார்ச் 9, இரவு 9.30

திருமணம் 12 பக்கமாக மூன்றாவது அத்தியாயத்திலேயே திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து இப்போது 39ஆம் பக்கத்தில். வாசித்த இருவரில் ஒருவர், சித்தப்பா மடை மாற்றும் இடத்தில் அவரை மிகவும் பிடித்துவிட்டது என்றார், நான்காம் அத்தியாயம் முடிந்ததும் எனக்குத் தொலைபேசியில் கோபமாகப் பேசினார். இன்னொருவர் 15ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருக்கிறார். பிறகு எடுக்கவே இல்லையாம்.

முதல் அத்தியாயத்தின் காற்றை நான் இன்னும் தொடவில்லை. அதையும் குறைக்க வேண்டுமா?

பழைய மெய்ப்பாளர், பாலக்காடு | மார்ச் 10, இரவு 8.15

பேத்தியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் 15ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அடுத்தவரும் அங்கேயே நின்றால் அது பேத்தியால் அன்று.

காற்றைப் பற்றி: சித்தப்பா வருவதற்கு முந்திய ஆறு பக்கத்தை நான்காக்கலாம் என்பது என் எண்ணம். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும், மார்கழியில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. இந்த அத்தியாயம் ஆடியில் நடக்கிறது. மார்கழிக் காற்றை 17ஆம் அத்தியாயத்துக்கு அனுப்புங்கள், அங்கே தங்கம் மார்கழியில் ஊருக்கு வருகிறாள். இன்னும் குறைக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கேட்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் (ஓய்வு) | மார்ச் 10, இரவு 8.50

காற்றுக்கே இடம் கிடைக்கும்போது கள்ளுக் குத்தகைக்கு 22ஆம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

வேலந்தாவளத்துக்காரி | மார்ச் 10, இரவு 9.20

அது தனிக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, ஐயா. 22ஆம் அத்தியாயத்தைத் திருத்தும்போது உங்களிடமே முதலில் அனுப்புகிறேன். அங்கே எந்தப் பக்கத்துக்கு அது வேண்டும் என்று நீங்களே எண் எழுதித் தாருங்கள்.

சித்தூரார் | மார்ச் 11, காலை 6.40

நான்காம் அத்தியாயம் வரை எனக்கும் அனுப்ப முடியுமா? பத்திரம் எழுதுபவர் வரும் இடத்தை மட்டும் சரிபார்த்துச் சொல்கிறேன். அந்த மேசையில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.